ஒரு கொம்பு உப்பு: துறவியும் நாளைய உணவும்



சமய ஒப்பாய்வுத் தாளில் துறவு பற்றிய பகுதியை முடித்திருக்கும் மாணவர்களுக்கு இந்த உரை ஒரு மீள்பார்வையாகவும் அமைய வேண்டும் என்று துறையினர் கேட்டுக்கொண்டார்கள். பாடப்பகுதி பரந்தது. சமணம், பௌத்தம், வைதிக சந்நியாசம், எகிப்தியப் பாலைவனத் துறவியர், பிரான்சிஸ்கன் சபை, சூஃபிகள் என்று அது விரிகிறது. எல்லாவற்றையும் ஒரு மணி நேரத்தில் தொட்டுச் சென்றால் பெயர்கள்தான் மனத்தில் மிஞ்சும். அதனால் ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு இந்த மரபுகளுக்குள் போகலாம் என்று நினைக்கிறேன். துறவி இன்று சாப்பிட்டாயிற்று. நாளைக்கு என்று எதையாவது எடுத்து வைக்கலாமா, கூடாதா?

சின்னக் கேள்வி போலத் தோன்றும். ஆனால் சங்கத்தில் பெரும் வழக்கு எழுந்ததும், போப்பாண்டவரோடு ஒரு சபையே மோதியதும், மனிதர்கள் எரிக்கப்பட்டதும் இந்தக் கேள்வியால்தான். ஒவ்வொரு மரபும் இதற்குத் தரும் பதிலைப் பார்த்தால், அந்த மரபில் துறவிக்கும் இல்லறத்தாருக்கும் இடையே என்ன உறவு என்பது தெரிந்துவிடும். துறவு என்றால் ஊரோடு உறவை அறுத்துக்கொண்டு போவது என்று பொதுவாகச் சொல்கிறோம். விதிநூல்களைப் படித்தால் அப்படிச் சொல்ல முடிவதில்லை.

வைதிக மரபிலிருந்து தொடங்குகிறேன், சுருக்கமாக. சந்நியாசம் ஏற்பவர் வேள்வித் தீயைத் தனக்குள் ஏற்றிக்கொண்டு வெளித்தீயை விட்டுவிடுகிறார். தீ இல்லாதவருக்கு அடுப்பும் இல்லை. சமைக்க முடியாது, ஆகவே யாசிக்க வேண்டும். எப்போது யாசிக்க வேண்டும் என்பதை மனுநூலின் ஆறாம் அத்தியாயம் நுணுக்கமாகச் சொல்கிறது. வீட்டில் புகை அடங்கியிருக்க வேண்டும். உலக்கைச் சத்தம் ஓய்ந்திருக்க வேண்டும். அடுப்பில் தணல் அவிந்திருக்க வேண்டும். வீட்டார் உண்டு முடித்திருக்க வேண்டும். அதாவது துறவிக்காக யாரும் ஒரு பிடி அரிசி கூடுதலாகப் போடக் கூடாது, மிஞ்சியதுதான் அவருடையது. திருக்குறள் இதே உறவை மறுபக்கத்திலிருந்து பார்க்கிறது. துறந்தாருக்குத் துணை நிற்பவன் என்று இல்வாழ்வானைச் சொல்கிறது. தவம் என்ற அதிகாரத்தில், துறந்தாரைப் பேணுவதற்காகவே மற்றவர்கள் தவத்தை மறந்தார்களோ என்றுகூடக் கேட்கிறது. துறவு பற்றிய எந்தக் கட்டுரையை எழுதும்போதும் இந்த இல்வாழ்வானை விட்டுவிடாதீர்கள். அவனில்லாமல் துறவி ஒரு வாரம் தாங்கமாட்டார்.

இனி பௌத்த விநயத்துக்கு வருகிறேன். இன்றைய உரையில் அதிக நேரம் இங்கேதான் செலவிடப் போகிறேன், ஏனென்றால் ஒவ்வொரு விதியும் எந்தச் சந்தர்ப்பத்தில் பிறந்தது என்பதையும் விநயம் சேர்த்தே சொல்கிறது.

தேரவாத மரபில் பிக்குவுக்கு 227 விதிகள். அவற்றில் உணவைப் பற்றியவை பல. விடியலுக்கும் நண்பகலுக்கும் இடையே மட்டும் உண்ண வேண்டும். கையால் கொடுக்கப்படாத எதையும் வாயில் இடக் கூடாது. தண்ணீருக்கும் பல்குச்சிக்கும் மட்டும் விலக்கு. மரத்தடியில் மாம்பழம் விழுந்து கிடந்தாலும் யாராவது எடுத்துக் கொடுக்காமல் பிக்கு உண்ணலாகாது. இவற்றோடு, ஏற்ற உணவைச் சேமித்து வைத்து மறுநாள் உண்ணக் கூடாது என்ற விதியும் இருக்கிறது.

இந்தச் சேமிப்பு விதி யாரால் வந்தது என்று விநயம் சொல்லும் கதையைக் கவனியுங்கள். பேலட்டசீசர் என்ற மூத்த பிக்கு, ஆனந்தரின் உபாத்தியாயர். காட்டில் தனியாக வாழ்ந்தவர். ஊருக்குள் போய் ஏற்ற சோற்றை உலர்த்தி வைத்துக்கொள்வார். பசித்தபோது அதில் தண்ணீர் விட்டு நனைத்து உண்பார். இப்படிச் செய்ததால் வெகு நாட்கள் ஊருக்குள் போகாமலே இருக்க முடிந்தது. ருசிக்கு ஆசைப்பட்டவர் இல்லை, சோம்பேறியும் இல்லை. சொல்லப்போனால் மற்ற பிக்குகளைவிடக் கடுமையான வாழ்க்கை அவருடையது. அவர் செய்ததைத்தான் புத்தர் கண்டித்தார். சேமிப்பு விதி அங்கே பிறந்தது.

விதி பேராசையைத் தடுக்கவே வந்தது என்றால், பேராசைக்காரர் ஒருவரின் கதையோடு வந்திருக்கும். வந்ததோ தனிமையை நாடியவரின் கதையோடு. காய்ந்த சோறு அவரை ஊரிலிருந்து விடுவித்தது. அந்த விடுதலையைத்தான் விதி மறுக்கிறது. பிக்கு ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவரின் வாசலில் போய் நிற்க வேண்டும். அவர் நிற்பதால் அந்த வீட்டாருக்குக் கொடுக்கும் வாய்ப்புக் கிடைக்கிறது. அவரும் தான் பிறரைச் சார்ந்தவர் என்பதை ஒவ்வொரு காலையிலும் உடலால் உணர்கிறார். ஊரார் அவரைத் தினமும் பார்ப்பதால் அவருடைய ஒழுக்கமும் அவர்கள் கண் முன்னாலேயே இருக்கிறது. என் கணிப்பில், பௌத்த சங்கம் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நிலைத்ததற்கு இந்த ஒரு விதியின் பங்கு பெரிது.

புத்தர் மறைந்து ஏறத்தாழ நூறு ஆண்டுக்குப் பின் வைசாலியில் நடந்ததை இந்த வெளிச்சத்தில் படிக்க வேண்டும். விநயத்தின் சுல்லவக்கம் இதைத் தன் பன்னிரண்டாம் பகுதியில் விரிவாகச் சொல்கிறது.

யசர் என்ற பிக்கு வைசாலிக்கு வருகிறார். அன்று உபோசத நாள். வஜ்ஜி நாட்டுப் பிக்குகள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பிச் சங்கத்தின் நடுவே வைத்து, வருகிற இல்லறத்தாரிடம் சங்கத்துக்குத் தேவை இருக்கிறது, காசு போடுங்கள் என்று கேட்கிறார்கள். ஒரு கஹாபணம், அரை, கால், ஒரு மாசகம், எதுவானாலும் சரி. யசர் அந்த இல்லறத்தாரிடம், கொடுக்காதீர்கள், சாக்கியரின் துறவிகளுக்குப் பொன்னும் வெள்ளியும் ஆகாது என்கிறார். அவர்கள் கேட்கவில்லை, கொடுக்கிறார்கள். இரவு கழிந்ததும் பிக்குகள் காசைப் பங்கிடுகிறார்கள். யசருக்கும் ஒரு பங்கு வருகிறது. அவர் மறுக்கிறார். உடனே, நம்பிக்கையுள்ள மக்களைப் பழித்தார் என்று குற்றம் சாட்டி, அவர்களிடம் போய் மன்னிப்புக் கேட்கும்படி சங்கம் அவருக்குத் தண்டனை விதிக்கிறது.

தண்டனையை யசர் ஏற்கிறார். விதிப்படி ஒரு துணைப் பிக்குவை அழைத்துக்கொண்டு வைசாலி மக்களிடம் போகிறார். ஆனால் அங்கே மன்னிப்புக் கேட்பதற்குப் பதில் விளக்கம் சொல்கிறார். மேகமும் பனியும் புகையும் ராகுவும் சூரிய சந்திரரை மறைப்பதுபோல் துறவியரை மறைக்கும் நான்கு மாசுகள் உண்டு, பொன்னையும் வெள்ளியையும் ஏற்பது அவற்றில் ஒன்று என்ற புத்தரின் போதனையை எடுத்துச் சொல்கிறார். கேட்ட மக்கள் அவர் பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். துறவியரின் விதியைப் பற்றிய வழக்கில் இல்லறத்தார் நடுவர்போல அமர்ந்த இடம் இது. கொடுப்பவர்களுக்கும் இதில் சொல்ல உரிமை உண்டு என்பதை நூல் இயல்பாக ஏற்றுக்கொண்டு எழுதுகிறது.

பிறகு வழக்கு பெரிதாகிறது. வஜ்ஜிப் பிக்குகள் யசரை விலக்கிவைக்க முயல, அவர் கோசாம்பிக்குப் போய் மேற்கத்திய பிக்குகளைத் திரட்டுகிறார். ரேவதர் என்ற பெரும் விநய அறிஞரை இரு தரப்பும் தங்கள் பக்கம் இழுக்கப் பார்க்கின்றன. வஜ்ஜித் தரப்பு சீவரம் முதலான பரிசுகளோடு படகில் போகிறது, ரேவதர் ஏற்கவில்லை. கடைசியில் எழுநூறு பிக்குகள் வைசாலியில் கூடுகிறார்கள். கூட்டத்தில் பேச்சு வளர்ந்துகொண்டே போனதால் கிழக்கிலிருந்து நால்வர், மேற்கிலிருந்து நால்வர் என எண்மர் குழுவிடம் தீர்ப்பு விடப்படுகிறது. ரேவதர் ஒவ்வொன்றாகக் கேட்க, சங்கத்திலேயே மூத்தவரான சப்பகாமி, இது விதிக்கு ஒவ்வாது, இன்ன ஊரில் இன்ன விதியில் தடுக்கப்பட்டது என்று பதில் சொல்கிறார்.

தீர்ப்புக்கு வந்த பத்து வழக்கங்களில் முதலாவதுதான் இந்த உரைக்குத் தலைப்புத் தந்தது. கொம்பில் உப்பை வைத்துக்கொண்டு, உப்பில்லாத சோறு கிடைத்தால் அதில் கலந்து உண்ணலாமா? கூடாது என்றார் சப்பகாமி, சாவத்தியில் தடுக்கப்பட்டது என்றார். அவர் குறிப்பிட்டது நாம் பார்த்த அதே சேமிப்பு விதி.

இங்கே மாணவர்கள் தடுமாறுவார்கள், ஏனெனில் விநயத்தில் உப்பு மருந்து வகையைச் சேர்ந்தது. ஏற்கும் பொருள்களை விநயம் காலக்கெடுவால் நான்காகப் பிரிக்கிறது. சோறு, காய், இறைச்சி போன்றவை அன்று நண்பகல் வரைக்கும். பழச்சாறு மறுநாள் விடியல் வரைக்கும். நெய், வெண்ணெய், எண்ணெய், தேன், வெல்லம் ஆகியவை ஏழு நாளைக்கு. வேர், பட்டை, உப்பு போன்ற மருந்துப் பொருள்கள் வாழ்நாள் முழுதும். அப்படியானால் உப்பை வைத்திருப்பதில் என்ன குற்றம்? மருந்தாக வைத்திருப்பதில் குற்றமில்லை. நேற்றைய உப்பை இன்றைய சோற்றில் கலக்கும்போது அது உணவின் பகுதியாகிவிடுகிறது. நேற்று ஏற்றதை இன்று உண்டதாகிறது. அவ்வளவு நுண்மையான இடத்தில் அவர்கள் கோடு போட்டார்கள். இன்று உப்பு, நாளை புளி, பிறகு அரிசி என்று போகும் என்பதை அறிந்தவர்கள்.

தேர்வுக்கு ஓர் எச்சரிக்கை. இந்தப் பத்து வழக்கங்களால்தான் சங்கம் தேரவாதம், மகாசாங்கிகம் என்று பிளந்தது என எழுதுவது வழக்கம். இலங்கையின் தீபவம்சம் அப்படிச் சொல்கிறது. சுல்லவக்கமோ வழக்கு தீர்ந்ததோடு முடிகிறது. பிளவைப் பற்றி அதில் பேச்சில்லை. வேறு மரபுநூல்கள் பிளவுக்கு வேறு காரணம் சொல்கின்றன. பதில் எழுதும்போது எந்த நூல் எதைச் சொல்கிறது என்று பிரித்து எழுதுங்கள்.

விதியை மீறாமல் நாளைய உணவை உறுதிசெய்ய ஒரு வழியும் விநயத்திலேயே உண்டு. மெண்டகர் என்ற செல்வர் கேட்டுக்கொண்டதன்பேரில், பிக்குவுக்காக ஓர் இல்லறத்தாரிடம் பொன் ஒப்படைக்கப்பட்டால், அதைக் கொண்டு வாங்கப்படும் தகுந்த பொருளைப் பிக்கு ஏற்கலாம். ஆனால் பொன்னைத் தொடவோ கேட்கவோ கூடாது என்ற நிபந்தனையோடுதான் இந்த அனுமதி வந்தது. அந்த இடையாளுக்குக் கப்பியகாரகர் என்று பெயர். காலப்போக்கில் இந்தச் சின்ன வாசல் வழியாகப் பெரிய நிறுவனங்களே நுழைந்தன. அனுராதபுரத்தில் மகாபாலி உணவுச்சாலையின் நீண்ட கல்தொட்டியை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். சோறு நிரப்பப்பட்ட தொட்டி அது. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே வந்த சீனத் துறவி பாஹியான், ஐயாயிரம் ஆறாயிரம் பிக்குகளுக்கு அரசனின் பொது உணவு வழங்கப்பட்டதை எழுதியிருக்கிறார். பத்தாம் நூற்றாண்டில் நான்காம் மகிந்தன் மிகிந்தலையில் நிறுத்திய கல்வெட்டுப் பலகைகள், விகாரையின் பணியாளர்களில் யார் யாருக்கு என்ன ஊதியம் என்று விதிக்கின்றன. தனிப் பிக்குவிடம் அப்போதும் ஒரு பாத்திரம்தான். சங்கத்திடமோ நிலமும் குளமும் சமையற்காரர்களும்.

இப்போது எகிப்துக்குப் போகலாம். மூன்றாம், நான்காம் நூற்றாண்டுகளில் அந்தோணியார் முதலானோர் நைல் ஆற்றங்கரை ஊர்களை விட்டுப் பாலைவனத்துக்குள் போனார்கள். பக்கோமியுஸ் மேல் எகிப்தில் தபென்னிசியில் துறவியரைச் சேர்த்து ஒரே மதிலுக்குள் கூட்டு வாழ்க்கையை அமைத்தார். இவர்கள் பிச்சைக்குப் போகவில்லை. வேலை செய்யாதவன் உண்ணவும் வேண்டாம் என்பது பவுலின் கட்டளை. பனை ஓலையை நனைத்துக் கயிறு திரித்தார்கள், கூடை முடைந்தார்கள், அவற்றை விற்றுக் காய்ந்த ரொட்டி வாங்கினார்கள். பௌத்தம் துறவிக்குக் கட்டாயமாக்கிய சார்ந்திருத்தலை இவர்கள் இழிவாகக் கருதினார்கள். சேமிப்பு இவர்களுக்குத் தடையில்லை. காய்ந்த ரொட்டி மாதக்கணக்கில் இருக்கும்.

ஆனாலும் உழைப்பு பிழைப்புக்காக மட்டும் இல்லை என்பதைக் காட்ட ஐந்தாம் நூற்றாண்டு எழுத்தாளர் காசியன் ஒரு செய்தி தருகிறார். பவுல் என்ற துறவி ஊர்களிலிருந்து ஏழு நாள் நடைத் தொலைவில் வாழ்ந்தார். பேரீச்ச மரங்களும் ஒரு சிறு தோட்டமும் அவருக்குப் போதுமான உணவைக் கொடுத்தன. கூடையைச் சந்தைக்குக் கொண்டுபோனால் கூடையின் விலையைவிடப் போக்குவரத்துச் செலவு அதிகம். இருந்தும் ஒவ்வொரு நாளும் தனக்கென விதித்துக்கொண்ட அளவு ஓலையை முடைந்தார். குகை நிறைந்ததும், ஆண்டுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் தீயிட்டு எரித்தார். இந்தச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் பேலட்டசீசர் நினைவுக்கு வருகிறார். எகிப்தில் பிறந்திருந்தால் அவர் போற்றப்பட்டிருப்பார். இருவருமே ஊரை நாடாமல் வாழும் வழியைக் கண்டவர்கள். ஒருவர் செய்தது குற்றமாயிற்று, மற்றவர் செய்தது முன்மாதிரியாயிற்று.

கிறித்தவ மரபுக்குள்ளேயே இதற்கு எதிர்த்திசையில் போனவர் அசிசி நகரத்துப் பிரான்சிஸ். 1226இல் மறைந்தார். அவரோடு இருந்தவர்களின் நினைவுக் குறிப்புகளில் சமையற்கட்டைப் பற்றி ஒரு செய்தி வருகிறது. மறுநாளுக்கான பயற்றை முந்தின மாலையே வெந்நீரில் ஊறப்போடக் கூடாது என்று அவர் சமையல் சகோதரரிடம் சொல்லியிருந்தார். நாளையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள் என்ற நற்செய்தி வாக்கை அவர் அப்படியே எடுத்துக்கொண்டார். அதனால் அந்தச் சகோதரர் நள்ளிரவுக்குப் பிந்தைய வழிபாடு முடிந்து, அந்த நாள் பிறந்த பிறகே பயற்றை ஊறப்போடுவார். இரவில் பயறு ஊறவைக்காத வீடு நம்மிடையே இருக்குமா? அதனால்தான் இதன் கடுமை நமக்கு நன்றாகப் புரியும்.

1223இன் சபைவிதி, சகோதரர்கள் நேரடியாகவோ இடையாள் மூலமாகவோ காசை ஏற்கக் கூடாது என்றும், வீடோ இடமோ எதையும் சொந்தமாக்கிக்கொள்ளக் கூடாது என்றும் கட்டளையிட்டது. சபை வேகமாகப் பெருகியது. 1230இல் ஒன்பதாம் கிரகோரி, சகோதரர்களுக்குத் தேவையானதை வாங்கித் தரக் கொடையாளியின் சார்பில் ஓர் இடையாள் இருக்கலாம் என்று அனுமதித்தார். கப்பியகாரகர் நினைவுக்கு வருகிறாரா? ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று சொல்ல இடமே இல்லை. ஒரே முட்டுச்சந்தில் நின்ற இரு கூட்டத்தார் ஒரே கதவைத் தாங்களாகவே கண்டுபிடித்தார்கள். 1245இல் நான்காம் இன்னசென்ட், சபையின் பொருள்களெல்லாம் திருச்சபைக்குச் சொந்தம், சகோதரர்களுக்குப் பயன்பாடு மட்டுமே என்று ஏற்பாடு செய்தார்.

அடுத்த நூற்றாண்டில் இந்த ஏற்பாடு உடைந்தது. உடைப்பு தொடங்கிய இடம் களஞ்சியம். மடங்களில் தானியக் களஞ்சியமும் திராட்சைமது அறையும் வைத்துக்கொள்ளலாமா? கூடாது என்றனர் ஆன்மிகர் எனப்பட்ட கடுந்துறவுப் பிரிவினர். 1317இல் போப்பாண்டவர் இருபத்திரண்டாம் யோவான், அதைச் சபைத் தலைவர்களே முடிவுசெய்யலாம், மற்றவர்கள் கீழ்ப்படிய வேண்டும் என்று ஆணையிட்டார். வறுமை பெரிது, அதைவிடக் கீழ்ப்படிதல் பெரிது என்பது அவர் நிலை. பணிய மறுத்த நால்வர் 1318 மே மாதம் மார்செய் நகரில் எரிக்கப்பட்டார்கள்.

யோவான் அங்கே நிற்கவில்லை. அவர் சட்டம் படித்தவர். 1322இல் அடிப்படையையே கேள்வி கேட்டார். வீட்டை ஒருவர் சொந்தமாக வைத்திருக்க, இன்னொருவர் பயன்படுத்தலாம். ஒரு முட்டையை, ஒரு பாலாடைக்கட்டித் துண்டை, ஒரு ரொட்டித் துண்டை அப்படிப் பிரிக்க முடியுமா? உண்பதே அதை இல்லாமலாக்குவது. உண்டு தீர்க்கும் பொருளில் பயன்பாடும் உடைமையும் ஒன்றே. ஆகவே சகோதரர்களின் உணவுக்குத் திருச்சபை உரிமையாளர் என்ற ஏற்பாட்டை அவர் கைவிட்டார். மறு ஆண்டே, கிறிஸ்துவும் சீடர்களும் எதையும் உடைமையாகக் கொண்டிருக்கவில்லை என்று பிடிவாதமாகச் சொல்வது திருச்சபைக்கு எதிரான கொள்கை என்று அறிவித்தார். சபையின் தலைவர் செசேனாவின் மிக்கேல், தத்துவ அறிஞர் ஓக்கம் வில்லியம் முதலானோர் 1328இல் அவிஞ்ஞோனிலிருந்து தப்பிப் பவேரியாவின் லூயியிடம் அடைக்கலம் புகுந்தார்கள்.

யோவானின் வாதம் கூர்மையானது. நான் அதை மதிக்கிறேன். ஆனால் வாயில் வைக்கும் கவளத்தில்கூட இது என்னுடையது என்ற உரிமை எழாமல் ஒருவர் உண்ண முடியுமா என்பதுதான் பிரான்சிஸ் கேட்ட கேள்வி. சட்டத்தால் அதற்கு இல்லை என்றுதான் பதில் சொல்ல முடிந்தது.

சூஃபிகளிடம் இதே கேள்வி வேறு வடிவம் எடுக்கிறது. இஸ்லாம் மணத்துறவை நெறியாக்கவில்லை. உலகப் பற்றைக் குறைக்கும் ஸுஹ்து என்ற பண்பைப் போற்றியது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இன்றைய பாகிஸ்தானில் இரு நகரங்களில் இரு பதில்கள் கிடைக்கின்றன. முல்தானில் சுஹ்ரவர்தி நெறியைச் சேர்ந்த பஹாவுத்தீன் ஸகரிய்யாவின் கான்காவில் களஞ்சியம் இருந்தது. பஞ்சத்தில் முல்தான் ஆளுநர் அவரிடம் தானியம் பெற்றதாகவும், குவியலுக்குள் வெள்ளி நாணயப் பானைகள் இருக்கக் கண்டு தெரிவிக்க, தெரிந்தே கொடுத்தேன், அதையும் வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொன்னதாகவும் மரபு. செல்வம் கையில் இருக்கலாம், மனத்தில் இருக்கக் கூடாது என்பது அவர்கள் நிலை.

அஜோதனில், இன்றைய பாக்பட்டனில், சிஷ்தி நெறியின் பாபா ஃபரீத் வாழ்ந்தார். கேட்காமல் வரும் கொடையையே அவர்கள் உணவுக்குப் பெரிதும் நம்பியிருந்தார்கள். வந்ததை அன்றன்றே பகிர்ந்துவிடுவார்கள். வராத நாளில் காட்டுக் காய்களைப் பறித்து வேகவைத்து உண்பார்கள். ஒருநாள் சமையல் முறை, பின்னாளில் தில்லியில் பெரும்புகழ் பெற்ற இளம் நிஜாமுத்தீனுடையது. உப்பில்லை. கடைக்காரரிடம் கடனாகக் கொஞ்சம் உப்பு வாங்கிப் போட்டுவிட்டார். ஃபரீத் கவளத்தை எடுத்தவர் வாய்க்குக் கொண்டுபோகாமல், கை கனக்கிறதே, இதில் ஏதோ இருக்கிறது என்றார். நிஜாமுத்தீன் உண்மையைச் சொன்னார். கடன் வாங்குவதைவிடத் தர்வேஷ் இறந்துபோகலாம் என்று சொல்லி அந்த உணவை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் செய்தார் ஃபரீத். வைசாலியில் உப்பு நேற்றிலிருந்து வந்தது. அஜோதனில் அது நாளையிலிருந்து வந்தது; கடன் என்பது நாளைய வருவாயை இன்றே உண்பதுதான். இரண்டையும் அந்தந்த மரபு மறுத்தது.

இனி சமணம். சுவேதாம்பரரின் தசவைகாலிக சூத்திரம் உப்பு, எண்ணெய், நெய், வெல்லம் எதையும் துறவி சேமிக்க விரும்புவதில்லை என்கிறது. சேமிக்க விரும்புகிறவர் இல்லறத்தாரே, துறவியல்லர் என்று தொடர்கிறது. திகம்பரர் இன்னும் ஒரு படி போய்ப் பாத்திரத்தையே விட்டார்கள். மயில்பீலியும் கமண்டலமும் மட்டுமே அவர்களிடம் இருக்கும். நாளுக்கு ஒருமுறை, நின்றபடி, கைகளைக் குவித்து உண்பார்கள். தண்ணீரும் அப்போது மட்டும்தான். மேல்சித்தாமூர் வட்டாரத்தில் முனிவர் வரும்போது இதைப் பார்க்கலாம். வீட்டார் வாசலில் நின்று, வணங்கி, நில்லுங்கள் என்று அழைத்து, தங்கள் மனமும் சொல்லும் உடலும் உணவும் தூய்மையானவை என்று அறிவித்த பிறகே அவர் உள்ளே வருவார். புறப்படும் முன் முனிவர் மனத்துக்குள் ஒரு நிபந்தனை வைத்திருப்பார், இன்ன காட்சி கண்டால்தான் ஏற்பேன் என்று. யாருக்கும் சொல்லமாட்டார். அந்தக் காட்சி அமையாவிட்டால் அன்று பட்டினியோடு திரும்புவார். கையிலிட்ட கவளத்தில் ஒரு முடியோ எறும்போ தென்பட்டால் அத்தோடு உணவு முடிந்தது, மறுநாள்தான் அடுத்தது.

இல்லறத்தாரிடமே கொடுக்க ஒன்றும் இல்லாமல் போனால்? இந்தக் கேள்வியைத் தேர்வில் யாரும் கேட்பதில்லை. மரபுகள் கேட்டுக்கொண்டன. இராசகிருகத்தில் பஞ்சம் வந்தபோது, பிக்குகள் உணவை உள்ளே வைக்கலாம், உள்ளே சமைக்கலாம், தாமே சமைக்கலாம் என்று புத்தர் விதியைத் தளர்த்தியதாக மகாவக்கம் சொல்கிறது. பின்னர் வைசாலியில் விளைச்சல் செழித்திருந்தபோது அந்த அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். விதி மக்களின் வயிற்றோடு கட்டப்பட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சமணர் விதியைத் தளர்த்தவில்லை, இடம் பெயர்ந்தார்கள். பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சம் வரும் என்று பத்திரபாகு முன்னறிந்து சொல்ல, சங்கம் தெற்கே புறப்பட்ட செய்தியைச் சிரவணபெளகுளத்தில் ஏறத்தாழ கி.பி. 600இல் வெட்டப்பட்ட கல்வெட்டு கூறுகிறது. வடக்கே தங்கியவர்கள் பஞ்சத்தில் ஒழுக்கம் தளர்ந்து ஆடை உடுத்தத் தொடங்கினார்கள் என்பது திகம்பரரின் கூற்று. சுவேதாம்பரர் அதை ஏற்பதில்லை.

போக இடமில்லாதவருக்கும் ஒரு வழி வகுக்கப்பட்டிருந்தது. சமந்தபத்திரரின் இரத்தினகரண்ட சிராவகாசாரம் சல்லேகனைக்கு நான்கு காரணங்களைச் சொல்கிறது: தப்ப முடியாத இடர், பஞ்சம், முதுமை, தீராத நோய். முறையும் சொல்லப்பட்டிருக்கிறது. முதலில் திடவுணவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பால் முதலியவற்றுக்கு மாற வேண்டும். பிறகு அவற்றையும் விட்டு வெந்நீர் போன்ற தெளிந்த நீருக்கு வர வேண்டும். இறுதியில் அதையும் விட்டு உண்ணாநோன்பு. வடமொழியில் உள்ள இந்நூலைத் தழுவியே தமிழில் அருங்கலச்செப்பு எழுந்தது. கவனிக்க வேண்டியது, இது துறவிகளுக்கான விதிநூல் இல்லை, இல்லறத்தாருக்கான ஒழுக்கநூல். வாழ்நாள் முழுதும் வாசலில் நின்று கொடுத்தவரும் முடிவில் இந்த நோன்பை ஏற்கலாம்.

செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில், ஏறத்தாழ ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த கல்வெட்டில், சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த செய்தி இருக்கிறது. அதே குன்றில் இளையபடாரர் 30 நாள் நோன்பிருந்ததைச் சொல்லும் கல்வெட்டும் உண்டு. 2015 ஆகஸ்ட் 10 அன்று இராஜஸ்தான் உயர்நீதிமன்றம் இந்த நோன்பைத் தற்கொலை என்று கொண்டு தண்டனைக்குரியதாக்கியது. அதே மாதம் 31ஆம் நாள் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. இதைப் பற்றி எழுதும்போது, ஒரே நாளில் உணவை நிறுத்துவதற்கும் சமந்தபத்திரர் சொல்லும் படிமுறைக்கும் உள்ள வேறுபாட்டை எழுதுங்கள். நான்கு காரணங்களையும் எழுதுங்கள். அவற்றில் பஞ்சம் ஏன் இடம்பெற்றது என்பதையும் விளக்குங்கள். உணவு குறைந்த நாட்டில் முனிவர் ஏற்கும் ஒரு கவளம் வீட்டாருடைய மிச்சத்திலிருந்து வராது, அவர்களுடைய பசியிலிருந்துதான் வரும்.